தொடக்கச் செலவும் பங்கு வெளியீட்டுச் செலவும்: எதை, எங்கே, எத்தனை வருஷத்தில் போக்கெழுதுவது?

கம்பெனிக் கணக்கு எழுதுகிறவர்களும் புதிதாகக் கம்பெனி தொடங்கியவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. எல்லாம் இந்தியச் சட்டப்படி. வருமான வரிப் பிரிவு எண்களும் படிவ எண்களும் 1961ஆம் வருஷச் சட்டத்தில் உள்ளவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருஷத்து புதிய சட்டம் வருவதால், அதன் பிறகான வருஷங்களுக்குப் புது எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்பெனி பதிவு பண்ண ஆன செலவை அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சுத்தானே எழுதணும்? எங்க பழைய கணக்காளர் அப்படித்தான் போட்டிருக்கார்.

வரிக்கு ஆம், கணக்குப் புத்தகத்துக்கு இல்லை. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

புத்தகத்தில் ஏஎஸ் 26 என்ற கணக்கியல் தரநிலை பேசுகிறது. கம்பெனியை நிறுவ ஆகும் சட்டச் செலவு, செயலகச் செலவு போன்றவற்றைச் செலவான வருஷத்திலேயே இலாப நட்டக் கணக்கில் முழுதாக எழுதிவிட வேண்டும் என்பது அதன் விதி. பெரிய கம்பெனிகளுக்கான இண்ட் ஏஎஸ் 38 சொல்வதும் அதேதான். காரணம் எளிது. மெமோரண்டம் எழுதக் கொடுத்த ஃபீஸ் திரும்ப விற்கக்கூடிய ஒரு பொருளாக நம் கையில் இல்லை. இல்லாததைச் சொத்து என்று இருப்புநிலைக் குறிப்பில் காட்ட முடியாது.

உங்கள் பழைய கணக்காளர் தானாகக் கற்பனை செய்யவில்லை. ஒரு காலத்தில் அதுதான் வழக்கம். பழைய கம்பெனிகள் சட்டத்தின் அட்டவணை 6 தந்த இருப்புநிலைக் குறிப்பில், போக்கெழுதாத இதர செலவுகளுக்கென்று சொத்துப் பக்கம் தனித் தலைப்பே இருந்தது. 2011-12 கணக்கு ஆண்டு முதல் வந்த திருத்திய அட்டவணையில் அந்தத் தலைப்பு எடுக்கப்பட்டுவிட்டது. இப்போதுள்ள அட்டவணை 3இலும் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் படித்தவர்களின் கைப்பழக்கம் இன்னும் போகவில்லை.

டாலியில் Misc. Expenses (ASSET) என்று ஒரு குரூப்பே இருக்கே? அப்போ அதில் போடலாம்தானே?

குரூப் இருக்கிறது என்பதால் விதி மாறாது. மென்பொருள் எல்லா வகை வியாபாரத்துக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. அதில் பேரேட்டைத் திறந்து போட்டீர்களானால் உங்கள் இருப்புநிலைக் குறிப்பில் சொத்தல்லாத ஒன்று சொத்தாக உட்கார்ந்துவிடும்.

இதனால் வரும் சிக்கல் பெரும்பாலும் வங்கியில்தான் வெளிப்படும். கம்பெனிகள் சட்டம் நிகர மதிப்பைக் கணக்கிடும்போது போக்கெழுதாத இதர செலவைக் கழிக்கச் சொல்கிறது. கடன் விண்ணப்பத்தைப் பார்க்கும் வங்கி அதிகாரியும் அதைக் கழித்துவிட்டுத்தான் உங்கள் நிகர மதிப்பை எழுதுவார். நீங்கள் சொன்ன எண்ணுக்கும் அவர் எழுதும் எண்ணுக்கும் இடையில் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வரும்.

உங்கள் கம்பெனியில் இப்படி இருக்கிறதா என்று பார்ப்பது சுலபம். மூன்று வருஷ இருப்பாய்வை வரிசையாக வைத்து, ‘ப்ரிலிமினரி எக்ஸ்பென்ஸஸ்’ பேரேட்டின் பற்று இருப்பைப் பாருங்கள். வருஷாவருஷம் சம அளவில் குறைந்தால் பழைய வழக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரே எண் அசையாமல் நின்றால் அதைப் போக்கெழுதவே மறந்துவிட்டார்கள். இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்: மீதி முழுவதையும் இந்த வருஷ இலாப நட்டக் கணக்குக்குக் கொண்டுபோய், ஏஎஸ் 5 சொல்கிறபடி முந்தைய கால இனம் என்று தனியாகக் காட்டுங்கள். அப்படிச் செய்வதால் வருமான வரியில் மிச்சமிருக்கும் தவணை பறிபோகாது. அது புத்தகப் பதிவைப் பொறுத்தது அல்ல.

அப்படியானால் அந்த அஞ்சு வருஷம் எங்கிருந்து வந்தது?

வருமான வரிச் சட்டத்தின் 35டி பிரிவிலிருந்து. தொழில் தொடங்குமுன் ஆன இந்தச் செலவு மூலதனத் தன்மை உள்ளது. சாதாரண விதிப்படி வரிக் கழிவே கிடைக்காது. 35டி அதற்குக் கொடுக்கும் சலுகை, தகுதியான தொகையில் ஐந்தில் ஒரு பங்கை ஐந்து வருஷம் தொடர்ந்து கழித்துக்கொள்ளலாம் என்பது. 1998 மார்ச் 31 வரை ஆன செலவுகளுக்குப் பத்தில் ஒரு பங்கு, பத்து வருஷம் என்று இருந்தது. சில பழைய பாடப்புத்தகங்களில் 10 வருஷம் என்று வருவது அதனால்தான்.

தொழில் ஓடிக்கொண்டிருக்கும்போது விரிவாக்கத்துக்கோ புதிய அலகு அமைக்கவோ ஆகும் செலவுக்கும் இதே பிரிவு பொருந்தும்.

எந்தெந்தச் செலவு இதில் சேரும்? திறப்பு விழா, டிராவல், முன்பணம் எல்லாம் சேர்க்கலாமா?

சட்டம் பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அதில் இல்லாதது சேராது. சாத்தியக்கூறு அறிக்கை, திட்ட அறிக்கை, சந்தை ஆய்வு, தொழிலுக்கான பொறியியல் சேவை, தொழில் அமைப்பதற்கான ஒப்பந்தங்களை எழுதும் வக்கீல் ஃபீஸ் ஆகியவை எல்லாருக்கும் உண்டு. கம்பெனியாக இருந்தால் மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ் எழுதவும் அச்சிடவும் ஆகும் செலவும், கம்பெனிப் பதிவுக் கட்டணமும் கூடுதலாகச் சேரும். பொதுமக்களுக்குப் பங்கோ கடன்பத்திரமோ வெளியிட்டால் ஒப்புறுதிக் கழிவு, தரகு, தகவலறிக்கையை எழுத, அச்சிட, விளம்பரம் செய்ய ஆகும் செலவும் வரும்.

திறப்பு விழாச் சாப்பாடும் பயணச் செலவும் பட்டியலில் இல்லை. கட்டட முன்பணம் செலவே அல்ல, திரும்ப வரும் பணம்.

இதில் பில் எழுதும் விதம் மிக முக்கியம். நான் பார்த்த ஒரு கோப்பில் ஆலோசகரின் பில்லில் ஒரே வரிதான் இருந்தது: ‘கம்பெனி தொடங்கும் வேலைக்கு, மொத்தம் ரூ. 1,20,000’. அதற்குள் மெமோரண்டம் எழுதிய ஃபீஸ், பதிவாளருக்குக் கட்டிய கட்டணம், பான், ஜிஎஸ்டி பதிவு, வங்கிக் கணக்கு திறக்க அலைந்த கூலி எல்லாம் கலந்து கிடந்தது. மதிப்பீட்டின்போது எது எவ்வளவு என்று காட்ட முடியவில்லை; மொத்தத் தொகையும் நிராகரிக்கப்பட்டது. பில் வாங்கும்போதே ஐந்து வரியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டு வருஷம் கழித்துக் கேட்டால் அவருக்கே ஞாபகம் இருக்காது.

5 சதவீத உச்சவரம்பு என்கிறார்களே, எதன் மீது 5 சதவீதம்? ஒரு உதாரணம் சொல்லுங்க.

தகுதியான செலவு எவ்வளவு இருந்தாலும் திட்டச் செலவில் 5 சதவீதத்துக்கு மேல் போக முடியாது. இந்தியக் கம்பெனியாக இருந்தால் அதற்குப் பதில் ஈடுபடுத்திய மூலதனத்தில் 5 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும் உரிமை உண்டு. எது அதிகமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கோயம்புத்தூரில் பம்பு உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். 2023 நவம்பரில் பதிவாகி 2024 ஆகஸ்டில் உற்பத்தி தொடங்கியது. செலவுகள் இப்படி:

மெமோரண்டம், ஆர்ட்டிகிள்ஸ் எழுதியது: ரூ. 40,000
பதிவுக் கட்டணம்: ரூ. 25,000
திட்ட அறிக்கை: ரூ. 2,60,000
சந்தை ஆய்வு: ரூ. 1,50,000
பூமி பூஜையும் சாப்பாடும்: ரூ. 35,000
பயணம்: ரூ. 30,000

மொத்தம் ரூ. 5,40,000. முதல் நான்கும்தான் பட்டியலில் உண்டு, அது ரூ. 4,75,000.

இனி வரம்பு. 2025 மார்ச் 31 அன்று, அதாவது தொழில் தொடங்கிய நிதியாண்டின் கடைசி நாளில், புத்தகத்தில் உள்ள நிலம், கட்டடம், இயந்திரம், தளவாடத்தின் அடக்கம் ரூ. 72 லட்சம். அதில் 5 சதவீதம் ரூ. 3,60,000. அதே நாளில் வெளியிட்ட பங்கு மூலதனம் ரூ. 50 லட்சம், வங்கியின் நீண்டகாலக் கடன் ரூ. 35 லட்சம். ஈடுபடுத்திய மூலதனம் ரூ. 85 லட்சம், அதில் 5 சதவீதம் ரூ. 4,25,000. இதுதான் அதிகம், இதையே எடுக்கிறோம். வருஷத்துக்கு ரூ. 85,000 வீதம் ஐந்து வருஷம். மிச்சமுள்ள ரூ. 50,000க்கு இனி எந்த வருஷத்திலும் கழிவு இல்லை.

இந்தக் கம்பெனிக்கு இயக்குநர்கள் கைக்காசாக இன்னொரு ரூ. 20 லட்சம் கடன் கொடுத்திருந்தார்கள். அதையும் சேர்த்தால் ரூ. 105 லட்சம் ஆகி வரம்பு ஏறிவிடுமே என்று தோன்றும். சேர்க்க முடியாது. 35டி கணக்கில் எடுக்கும் உள்நாட்டுக் கடன் அரசு, சட்டம் குறிப்பிடும் நிதி நிறுவனங்கள், வங்கி ஆகியோரிடம் வாங்கியதுதான். இயக்குநர் கடன், உறவினர் கடன் அதில் வராது. அந்த ரூ. 20 லட்சத்தில் 10 லட்சத்தை மார்ச் 31க்குள் முறைப்படி பங்காக மாற்றியிருந்தால் மூலதனம் ரூ. 95 லட்சம் ஆகி, 4,75,000 முழுவதும் கிடைத்திருக்கும். ஏப்ரலில் மாற்றினால் பயனில்லை. இந்தக் கணக்கை பிப்ரவரியிலேயே ஒரு தாளில் போட்டுப் பார்ப்பது நல்லது.

பங்கின் மேல் வாங்கிய பிரீமியமும் சேராது. பெர்ஜர் பெயின்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017இல் அதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: வெளியிட்ட பங்கு மூலதனம் என்றால் முகமதிப்பு மட்டும்தான்.

முதல் தவணை எந்த வருஷம்? செலவான வருஷமா?

தொழில் தொடங்கிய வருஷம். மேலே சொன்ன கம்பெனியில் பதிவுச் செலவு 2023-24இலேயே ஆகிவிட்டது. ஆனாலும் முதல் ரூ. 85,000 கிடைப்பது 2024-25இல்தான், கடைசித் தவணை 2028-29இல். ஆகஸ்டில் தொடங்கியதால் எட்டு மாதத்துக்கு மட்டும் என்று குறைக்க வேண்டாம், முழு ஐந்தில் ஒரு பங்கு உண்டு. விரிவாக்கமானால் அது முடிந்த வருஷத்திலிருந்து, புதிய அலகானால் அது உற்பத்தியையோ செயல்பாட்டையோ தொடங்கிய வருஷத்திலிருந்து எண்ண வேண்டும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தொழில் ‘அமைந்துவிட்டது’ என்பதும் ‘தொடங்கிவிட்டது’ என்பதும் வேறு வேறு நாட்கள். இயந்திரம் பொருத்தி, ஆள் வைத்து, ஆர்டர் எடுக்கத் தயாரான நாளில் தொழில் அமைந்துவிட்டது. முதல் விற்பனை அதற்குப் பிறகு வரலாம். அந்த இடைவெளியில் ஆகும் சம்பளம், வாடகை, மின்கட்டணம் எல்லாம் சாதாரண நடைமுறைச் செலவு, முழுதாகவே கழிக்கலாம். அதைத் தொடக்கச் செலவோடு சேர்த்து ஐந்தாகப் பிரித்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

புத்தகத்தில் மொத்தமா, வரியில் அஞ்சா எழுதினா ரெண்டு லாபமும் ஒத்துப்போகாதே?

ஒத்துப்போகாது, ஒத்துப்போக வேண்டியதும் இல்லை. இடைவெளியைக் காட்டத்தான் ஒத்திவைத்த வரி என்ற கணக்கு இருக்கிறது.

2025 மார்ச் 31 அன்று நம் கம்பெனியின் புத்தகத்தில் செலவு முழுவதும் எழுதியாகிவிட்டது. வரியில் 85,000 மட்டும் கழிந்தது, பின்னால் கழியப்போவது ரூ. 3,40,000. கம்பெனி 115பிஏஏ பிரிவின்படி 25.168 சதவீதம் வரி கட்டுகிறது என்றால் ஒத்திவைத்த வரிச் சொத்து ரூ. 85,571. அதன்பின் ஒவ்வொரு வருஷமும் சுமார் ரூ. 21,393 குறைந்து, நான்கு வருஷத்தில் பூஜ்யமாகும். இந்த 115பிஏஏ வழியை எடுத்தவர்கள் இழக்கும் கழிவுகளின் பட்டியலில் 35டி இல்லை, அதனால் பயப்பட வேண்டாம்.

வரம்புக்கு மேல் போன 50,000க்கும், பூஜைச் செலவு, பயணம் இரண்டுக்கும் இந்தக் கணக்கு போடக்கூடாது. அவை என்றைக்குமே வரியில் கழியப்போவதில்லை. அப்புறம், முந்தைய வருஷ நஷ்டங்களைச் சுமந்துகொண்டிருக்கும் கம்பெனி, பின்னால் லாபம் வரும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இருந்தால்தான் இந்தச் சொத்தைக் காட்டலாம்.

முதலீட்டாளர் ஒருத்தருக்குப் பிரீமியத்தில் பங்கு கொடுத்தோம். வக்கீல், மதிப்பீட்டாளர் ஃபீஸ் எல்லாம் எங்கே எழுதுவது?

பத்திர முனைமக் கணக்கில், அதாவது செக்யூரிட்டீஸ் பிரீமியத்தில். கம்பெனிகள் சட்டம் 2013இன் பிரிவு 52 அந்தப் பணத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று வரையறுத்திருக்கிறது. பங்கு வெளியீட்டுச் செலவைப் போக்கெழுதுவது அதில் ஒன்று.

2 லட்சம் பங்குகளை, முகமதிப்பு ரூ. 10, பிரீமியம் ரூ. 50 என்று கொடுத்தீர்கள் என்போம். வந்த பணம் ரூ. 1 கோடியே 20 லட்சம், அதில் பிரீமியம் ரூ. 1 கோடி. வக்கீல், மதிப்பீட்டாளர், பதிவாளர் கட்டணம் சேர்ந்து ரூ. 3,80,000. முத்திரைத்தீர்வை 0.005 சதவீதம், பிரீமியத்தையும் சேர்த்து ரூ. 1.2 கோடிக்கு ரூ. 600. பதிவு இப்படி வரும்:

பத்திர முனைமக் க/கு — பற்று ரூ. 3,80,600
பங்கு வெளியீட்டுச் செலவுகள் க/கு — வரவு ரூ. 3,80,600

மீதி பிரீமியம் ரூ. 96,19,400. இலாப நட்டக் கணக்கை இது தொடவே இல்லை.

இந்த வெளியீடு நடந்ததால்தான் ஆனது என்று சொல்லக்கூடிய செலவை மட்டும் இதில் எழுதுங்கள். அந்த மூன்று மாதம் உங்கள் நிதி மேலாளர் முழுநேரமும் இதில் உழைத்திருக்கலாம். பங்கே வெளியிடாவிட்டாலும் அவருக்குச் சம்பளம் கொடுத்திருப்பீர்கள். அது இலாப நட்டக் கணக்கில்தான் இருக்க வேண்டும். இண்ட் ஏஎஸ் 32 இதை வெளிப்படையாகவே சொல்கிறது. மற்றவர்களும் அப்படியே செய்வதுதான் சரி என்பது என் கருத்து.

பிரீமியமே இல்லாமல் முகமதிப்பில் கொடுத்திருந்தால் கழிக்க இடமில்லை. சிறு கம்பெனிகள் அந்த வருஷ இலாப நட்டக் கணக்கில் எழுதிவிடுவது நல்லது. இண்ட் ஏஎஸ் பின்பற்றும் கம்பெனி பங்குதாரர் நிதியிலிருந்தே கழிக்கும்.

அந்தச் செலவுக்கு வரியில் அஞ்சில் ஒரு பங்கு கிடைக்குமா?

இந்த உதாரணத்தில் கிடைக்காது. 35டி பேசுவது பொதுமக்களுக்கு அளிக்கும் வெளியீட்டை. தெரிந்த ஒரு முதலீட்டாளருக்குத் தனியாகக் கொடுத்தது அதில் அடங்காது.

சரி, நடைமுறைச் செலவு என்று முழுதாகக் கேட்கலாமா என்றால், அந்தக் கதவை உச்ச நீதிமன்றம் 1997இல் மூடிவிட்டது. ப்ரூக் பாண்ட் வழக்கில், மூலதனத்தைப் பெருக்கப் பங்கு வெளியிட ஆகும் செலவு மூலதனச் செலவுதான் என்றார்கள். பஞ்சாப் மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழக வழக்கில், அங்கீகரித்த மூலதனத்தை உயர்த்தப் பதிவாளருக்குக் கட்டும் கட்டணமும் அப்படியே என்று தீர்ப்பு வந்தது. இந்தக் கட்டணத்தை ‘ஃபைலிங் ஃபீஸ்’ என்ற பேரேட்டில் மற்றக் கட்டணங்களோடு கலந்து எழுதி, வரிக் கணக்கில் சேர்த்துக் கழிக்கக் கேட்பது நான் அடிக்கடி பார்க்கும் தவறு. தனிப் பேரேடு வையுங்கள்.

போனஸ் பங்கு மட்டும் வேறு மாதிரி. அதில் புதுப் பணம் எதுவும் உள்ளே வருவதில்லை, இருந்த இருப்பு பெயர் மாறுகிறது. அதனால் அதற்கு ஆகும் செலவு நடைமுறைச் செலவே என்று ஜெனரல் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் 2006இல் முடிவானது.

பங்குக்குப் பதிலாகக் கடன் வாங்கினால்?

நிலைமை தலைகீழ். 1966இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கு நம் ஊர்க் கம்பெனியினுடையதுதான். தொழில் நிதிக் கழகத்திடம் ரூ. 40 லட்சம் கடன் வாங்க முத்திரைத்தாள், பதிவு, வக்கீல் என்று ரூ. 84,633 செலவானது. கடன் என்பது கம்பெனிக்கு நிலைத்த சொத்து அல்ல, திருப்பிக் கொடுக்க வேண்டியது. ஆகவே அதை வாங்க ஆகும் செலவு நடைமுறைச் செலவு, அந்த வருஷமே கழிக்கலாம் என்றது நீதிமன்றம். வரிப் பணியில் இருப்பவர்கள் அறுபது வருஷமாக எடுத்துக்காட்டும் தீர்ப்பு இது.

3ஏஎஃப் படிவம் எல்லாருமே தாக்கல் செய்யணுமா?

திட்ட அறிக்கை, சாத்தியக்கூறு அறிக்கை, சந்தை ஆய்வு, பொறியியல் சேவை ஆகியவற்றுக்குக் கழிவு கேட்பவர்கள் செய்ய வேண்டும். முன்பு இந்த வேலையைச் செய்து தருபவர் வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும் என்று இருந்தது. 2023 நிதிச் சட்டம் அதை எடுத்துவிட்டு இந்தப் படிவத்தைக் கொண்டுவந்தது. வரிக் கணக்குத் தாக்கலின் கடைசி நாளுக்கு ஒரு மாதம் முன்பே இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும். தணிக்கை உள்ள கம்பெனிக்குக் கடைசி நாள் அக்டோபர் 31 என்றால் படிவத்துக்கு செப்டம்பர் 30. தணிக்கை வேலை மும்முரத்தில் இது கைநழுவிப் போவது சகஜம்.

அஞ்சு வருஷம் முடியுமுன் கம்பெனி வேறு கம்பெனியோடு இணைந்தால் மீதித் தவணை?

சட்டத்தில் சொன்னபடியான இணைப்பாக, இரண்டும் இந்தியக் கம்பெனிகளாக இருந்தால், மீதித் தவணை இணைத்துக்கொண்ட கம்பெனிக்குப் போகும். இணைப்பு நடந்த வருஷத்துத் தவணையும் அதற்கே. பழைய கம்பெனி அந்த வருஷம் கேட்க முடியாது. நம் உதாரணக் கம்பெனி 2026 டிசம்பரில் இணைந்தால், 2024-25, 2025-26 ஆகிய இரண்டு தவணை அதனுடையது. 2026-27 முதல் மூன்று தவணை, ரூ. 2,55,000, புதிய கம்பெனியுடையது.